சுவரின் வயிற்றுக்குள் ஒரு பையன்

கோட்டைச் சுவர் எழும்பும் இடத்தில் தொழில் பழகும் ஒரு கொத்தனார்ப் பையனைப் பற்றிச் சிறுகதை எழுத உட்கார்ந்தேன். தொடக்கமும் முடிவும் மனதில் தயாராக இருந்தன. ஒரு கிழக் கொத்தனார் தன் உளியைப் பையன் கையில் கொடுக்கிறார். பையன் முதல் கல்லைக் கொத்தி வீணாக்குகிறான், திட்டு வாங்குகிறான். கடைசியில் தன் கையால் கொத்திய கல்லைச் சுவரின் உச்சியில் பதிக்கிறான். இடம், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் உள்ள பியூமாரிஸ் கோட்டை. காலம், 1295. இந்தக் கோட்டையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இதைக் கட்டியபோது எழுதிய கூலிக் கணக்குகளும் ஒரு முக்கியமான கடிதமும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. கல்லை எங்கிருந்து எடுத்தார்கள், எத்தனை பேர் வேலை செய்தார்கள், யாருக்கு என்ன கூலி என்பதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை, படித்தே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

படித்த பிறகு என் கதை நிற்கவில்லை.

முதலில் விழுந்தது அந்தப் பையனே. முறையான ஒப்பந்தத்தோடு ஓர் ஆசானிடம் தொழில் கற்கும் சீடப்பிள்ளைகளை அந்தக் காலத்து அரசுக் கட்டுமானக் கணக்குகளில் காண்பது மிக அரிது. ஏழு ஆண்டுகள் ஆசானிடம் இருந்தாக வேண்டும் என்ற விதி இலண்டன் கொத்தனார்களுக்கு எழுத்தில் வந்தது 1356-இல். அதுவும் கல் கொத்துகிறவர்களுக்கும் கல் பதிக்கிறவர்களுக்கும் நடந்த தகராறைத் தீர்க்கப்போய்ப் பிறந்த விதி. பியூமாரிஸில் முதல் கல் வைத்து அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகு, நகரத்துக்கென்று வந்த ஏற்பாடு அது. அதை 1295-இல் கடலோரச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் வைத்தால் கதை பொய்யாகிவிடும்.

அப்படியானால் தொழிலை எங்கே கற்றார்கள்? டக்ளஸ் நூப், ஜி. பி. ஜோன்ஸ் என்ற இரு பொருளாதார வரலாற்றாசிரியர்கள் 1930-களில் இதே வேல்ஸ் கோட்டைகளின் கணக்குகளை வரி வரியாகப் பார்த்தார்கள். கல்குவாரிதான் கொத்தனார்களை உருவாக்கிய இடமாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கருத்து. அப்பாவிடமோ அண்ணனிடமோ பழகியவர்கள் இருந்தார்கள். எடுபிடியாக வந்து மெல்ல மேலேறியவர்களும் இருந்தார்கள். இதற்குக் கணக்குகளிலேயே ஒரு தடயம் இருக்கிறது. கொத்தனார்களுக்கு ஒரே கூலி இல்லை. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் அரைக்காசு, ஒரு காசு வித்தியாசத்தில் பல படிகள் இருந்தன. யார் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதை மேற்பார்வையாளர் அந்தப் படிகளாகத்தான் எழுதிவைத்தார் என்று நான் வாசிக்கிறேன். சான்றிதழும் சடங்கும் இல்லாத இடத்தில், கூலிப் பட்டியலில் ஒரு படி ஏறுவதே தேர்ச்சி.

ஆகவே என் பையனுக்கு உளி கிடைக்காது. கதை வேறிடத்தில் தொடங்கியாக வேண்டும். அதற்கு அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு வேல்ஸை 1283-க்குள் வென்று, கரையோரமாகக் கோட்டைகள் கட்டிக்கொண்டிருந்தார். 1294-இல் மடோக் அப் லிவெலின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி அடங்கியதும், 1295 ஏப்ரலில் ஆங்கிள்சியில் புதிய கோட்டை தொடங்கியது. அருகிலிருந்த லான்வைஸ் என்ற வேல்ஸ் ஊரைக் காலி செய்து, மக்களைத் தீவின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். வேலைக்குத் தலைவர், சவாய் நாட்டிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ். அவருக்கு நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங். தேர்ந்த கொத்தனார்கூட அதில் சிறு பங்கைத்தான் வாங்கினார். ஊரின் பெயர் அழகிய சதுப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. சுற்றிலும் சமநிலம், பக்கத்தில் கடல். பாறை மேல் ஏறி நிற்கும் பாதுகாப்பு இந்தக் கோட்டைக்குக் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் சுவரே தாங்க வேண்டியிருந்தது. உள்சுவரின் கனம் பதினைந்தரை அடி, அதாவது ஏறக்குறைய 4.7 மீட்டர். உயரம் 36 அடி.

1296 பிப்ரவரி 27-ஆம் நாள் மாஸ்டர் ஜேம்ஸும் எழுத்தர் வால்டரும் அரசுக் கருவூலத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வாரம் 250 பவுன் வேண்டும் என்று கேட்டு, அவ்வளவு பணம் எங்கே போகிறது என்று வியக்கக்கூடியவர்களுக்குக் கணக்கும் சொன்னார்கள். கொத்துகிறவர்களும் பதிக்கிறவர்களுமாக 400 கொத்தனார்கள், 2,000 சாதாரண ஆட்கள், 200 குவாரி ஆட்கள், 30 கொல்லர்கள். 100 கட்டை வண்டிகள், 60 பெருவண்டிகள், கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 30 படகுகள். ஒரு கொத்தனாருக்கு ஐந்து ஆட்கள் வீதம் என்ற அந்தக் கணக்குதான் என் கதைக்கு வாசல் திறந்தது. பையன் அந்த இரண்டாயிரத்தில் ஒருவன்.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தி: குளிர்காலம் முழுவதும் ஆட்களை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். சாந்து தயாரிக்கவும், சுண்ணாம்புக்குக் கல் உடைக்கவும். பையனின் முதல் பாடம் இங்கேதான்.

பென்மன் முனையில் வெட்டிய சுண்ணாம்புக்கல் சுவருக்கும் போகும், காளவாய்க்கும் போகும். காளவாயில் கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் நாள்கணக்கில் வேக வைப்பார்கள். கல்லுக்குள் அடைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். அதில் போவது எடையில் 44 விழுக்காடு. வெந்த கல் ஏறக்குறைய அதே உருவத்தில்தான் வெளியே வரும், ஆனால் கையில் எடுத்தால் ஏறக்குறைய பாதி கனம்தான் இருக்கும். அளவு மாறாமல் கனம் மட்டும் மாறுவதால், கையே இங்கே தராசு. நடுவில் வேகாத கல் கனத்துக் காட்டிவிடும். அதைத் தண்ணீரில் போட்டால் பூக்காது, அப்படியே கிடக்கும். சாந்தில் வெறும் கல்லாகக் கலந்து போவதோடு அந்தத் தீங்கு முடிந்துவிடும். அளவுக்கு மீறி வெந்த கல்தான் ஆபத்து. அது உடனே நீறாமல் மௌனமாக இருந்துவிட்டு, சுவருக்குள் போய்ப் பல நாள் கழித்து நீறும். நீறும்போது ஊதும். ஊதிய இடத்தில் சாந்து வெடிக்கும். வெந்த சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் கொதி எழுந்து தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். பையனின் கைகள் முதல் மாதத்திலேயே வெடித்துப் புண்ணாகிவிட்டன என்று எழுதினேன். இதற்கு ஆவணம் தேவையில்லை, சுண்ணாம்பில் வேலை செய்த எவர் கையையும் பார்த்தால் போதும்.

யார் இதை அவனுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள்? இங்கே கதைக்கு ஒரு சிக்கல் வந்தது. தலைமைக் கொத்தனார் சவாய்க்காரர். கருவூலத்துக்கு எழுதிய கடிதம் பிரெஞ்சில் இருக்கிறது. ஆட்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து திரட்டி வந்தவர்கள், பேச்சும் ஊருக்கு ஊர் வேறு. சுற்றிலும் வேல்ஸ் மொழி. ஆசான் நீளமாகப் பேசித் தொழில் ரகசியம் சொல்லும் காட்சி இங்கே நடக்காது. ஆகவே கதையில் சூளைக்காரர் வெந்த கட்டி ஒன்றையும் வேகாத கட்டி ஒன்றையும் பையனின் இரு கையிலும் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார். பையன் ஒன்றைத் தூக்கி அப்பால் எறிகிறான். சூளைக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த இரண்டை எடுக்கிறார். எழுதியதில் எனக்குப் பிடித்த காட்சி இதுதான்.

வசந்தம் வந்ததும் பையன் சுவருக்கு ஏறுகிறான். ஏறியதும் சுவர் என்று தான் நினைத்தது சுவரே இல்லை என்று கண்டுகொள்கிறான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது கொத்திய கல் அடுக்கிய முகம். உள்பக்கமும் அப்படி ஒரு முகம். இரண்டுக்கும் நடுவில் உடைகல்லும் சாந்தும் நிரப்பிய வயிறு. முகத்துக் கல் ஒவ்வொன்றும் சராசரியாக அரை மீட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், 4.7 மீட்டர் கனத்தில் 3.7 மீட்டர் வயிறுதான். சுவரில் ஐந்தில் நான்கு பங்கு.

ஒரு நாள் வேலையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சுவரின் ஒரு மீட்டர் நீளத்தை 30 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். மொத்தம் 1.4 கன மீட்டர், மூன்று டன்னுக்கு மேல். அதில் வயிறு மட்டும் 1.1 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு சாந்து என்று கொண்டால், ஏறக்குறைய 370 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் கூடையில் இருபத்தைந்து நடை. மீதியுள்ள உடைகல் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கினால் எழுபத்தைந்து நடை. ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு முழம்கூட எட்டாத உயரத்துக்கு, நூறு முறை ஏறி இறங்க வேண்டும். கற்பனையில் எடுத்துக்கொண்ட அளவுகள்தான், உண்மையில் கூடக்குறைய இருந்திருக்கும். ஆனாலும் ஒரு கொத்தனாருக்கு ஐந்து ஆட்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகே புரிந்தது.

நூறு நடை நடந்தவனுக்கு ஒரு கட்டத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போகத் தோன்றும். தவறு நடப்பது அங்கேதான், என் கதையின் முடிச்சையும் அங்கேதான் போட்டேன். வயிற்றில் கல்லைக் கொட்டக் கூடாது, வைக்க வேண்டும். ஒவ்வொரு உடைகல்லையும் அதன் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி சாந்தில் கிடத்தி, ஆட்டிப் பார்த்து, இரண்டு பெரிய கல்லுக்கு நடுவே உள்ள சந்தில் சில்லுக்கல்லைச் செருக வேண்டும். சாந்து கல்லைச் சூழ்ந்து நிற்க வேண்டுமே தவிர, கல் இருக்க வேண்டிய இடத்தைச் சாந்து பிடித்துக்கொள்ளக் கூடாது.

இதற்குக் காரணம் சுண்ணாம்பின் இயல்பில் இருக்கிறது. சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்றுத்தான் அது மறுபடி கல்லாகிறது. முகத்தில் சில வாரங்களில் இறுகும். சுவருக்குள் இரண்டு மீட்டர் ஆழத்தில் காற்று புக வழியே இல்லை. அங்கே சாந்து முழுதும் இறுகப் பல ஆண்டுகள், ஏன், பல பத்தாண்டுகள்கூட ஆகும். அவ்வளவு காலமும் கல்லின் மேல் கல் சரியாக உட்கார்ந்திருப்பதே சுவரைத் தாங்குகிறது. அள்ளிக் கொட்டிய வயிற்றில் கற்கள் ஒன்றையொன்று தாங்காது. மேலே பாரம் ஏற ஏற ஈரச் சாந்து பிதுங்கும், கற்கள் தாழும், தாழும் கல் பக்கவாட்டில் முகத்தைத் தள்ளும். சுவர் வயிறு தள்ளும்.

அன்றைக்கே இது கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்தோ மறு வருடமோ தெரியும். உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்தால், நேரான சுவரில் மூன்றும் ஒன்றாக இருக்கும். நடுவே மட்டும் இடைவெளி குறைந்தால் வயிறு தள்ளத் தொடங்கிவிட்டது. முகத்துக் கல்லைச் சுத்தியலின் பிடியால் தட்டினால் நிறைந்த சுவர் கெட்டியான ஓசை தரும், பின்னால் இடைவெளி விட்ட சுவர் பானை போல ஒலிக்கும். முகத்தையும் வயிற்றையும் கட்டிப்போட நீளமான கற்களை இடையிடையே உள்ளே வாலாக நீட்டிப் பதிப்பார்கள். நீளக் கல் வெட்டுவது செலவு, தூக்குவது சிரமம் என்பதால் அவசர வேலையில் முதலில் குறைவது அதுதான்.

என் கதையில் பையன் ஒரு மாலை நான்கு கூடையைக் கவிழ்த்துவிடுகிறான். மழை வரும்போல இருக்கிறது, எல்லாருக்கும் அவசரம். மறுநாள் பதிப்புக் கொத்தனார் மேலே நடந்து வந்து, அந்த இடத்தில் குதிகாலால் ஒருமுறை அழுத்துகிறார். "யார்?" என்கிறார். பையன் முன்னால் வருகிறான். அடி விழவில்லை, வசவும் இல்லை. கரணை ஒன்றை அவனிடம் கொடுத்து, அவன் கொட்டியதை அவனே தோண்டி எடுக்கும்படி கை காட்டுகிறார். ஈரச் சாந்திலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, கழுவி, திரும்ப வைக்க நாள் முழுதும் ஆகிறது. அன்று அவன் பிடித்த கரணையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. கூலிப் பட்டியலில் அடுத்த வாரம் ஒரு படி ஏற்றம். இவையெல்லாம் என் கற்பனை, ஆனால் கணக்கில் காணும் அந்தச் சிறு படிகள் இப்படி ஏதோ ஒரு நாளில்தான் ஏறியிருக்க வேண்டும்.

கல் கொத்தும் பட்டறையை நான் கதையில் தூரத்திலேயே வைத்தேன், பையன் எட்டிப் பார்க்கும் இடமாக. அங்கே ஒரு கரட்டுக்கல்லில் சமதளம் பிறக்கும் விதம் மட்டும் விவரமாக வருகிறது. முதலில் ஒரு விளிம்போரமாக உளியால் ஒரு விரல் அகலத்துக்கு நேரான பட்டை இறக்குவார்கள். பிறகு எதிர் விளிம்பில் அதேபோல் இன்னொன்று. இரண்டு பட்டையின் மேலும் நேர்ச்சட்டம் ஒவ்வொன்றை நிறுத்தி, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், முன் சட்டத்தின் மேல்விளிம்பும் பின் சட்டத்தின் மேல்விளிம்பும் ஒரே கோடாக மறைய வேண்டும். ஒரு முனையில் பின் சட்டம் எட்டிப் பார்த்தால் கல்லில் முறுக்கு இருக்கிறது, அந்த முனையை இன்னும் இறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த பிறகு மற்ற இரு விளிம்புகளையும் இணைத்து, நடுவில் மேடாக நிற்பதைக் கொத்தி எடுப்பார்கள். இன்னொன்றையும் பையன் அங்கே கவனிக்கிறான்: சுண்ணாம்புக்கல் குவாரியில் எந்தக் கிடையில் படிந்திருந்ததோ அதே கிடையில் சுவரிலும் படுக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்திவிட்டால் மழையும் பனியும் பட்டு, காலப்போக்கில் முகம் ஏடு ஏடாக உதிரும். ஆனால் சுவரின் வயிற்றை அறிந்த பிறகு முகத்துக்கு வருவதுதான் இந்தப் பையனின் பாதை என்பதால், பட்டறையில் கதையை உட்கார வைக்கவில்லை.

சாரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையனின் நூறு நடையும் அதன் மேல்தான். வேல்ஸில் எட்வர்டு கட்டிய கான்வி, ஹார்லெக், பியூமாரிஸ் கோட்டைகளில் சாரக் கட்டைகள் செருகிய துளைகள் இன்றும் சுவரில் இருக்கின்றன. வழக்கமாக அவை கிடைமட்ட வரிசைகளாக இருக்கும். இங்கே சில கோபுரங்களில் அவை சாய்வாக, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு மேலேறுகின்றன. சவாய்ப் பகுதிக் கோட்டைகளிலும் இதே வழக்கம் உண்டு. வரலாற்றாசிரியர் ஆர்னால்டு டெய்லர் மாஸ்டர் ஜேம்ஸின் பூர்விகத்தைச் சவாயில் தேடிக் கண்டபோது, இந்தச் சாய்வுத் துளைகளும் அவருக்குச் சான்றாக நின்றன. பாரம் சுமந்து ஏணியில் ஏறுவதற்கும் சாய்வுப் பலகையில் நடந்து ஏறுவதற்கும் உள்ள வேறுபாடு, சுமந்தவன் முதுகுக்குத்தான் தெரியும். எங்கோ ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பழகிய வழக்கம், ஆங்கிள்சியில் கூடை சுமந்த பையனின் மூச்சை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கதையின் முடிவு மட்டும் எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த 1296 கடிதத்திலேயே இருந்தது. சில இடங்களில் சுவர் 28 அடி எழுந்துவிட்டது, மிகத் தாழ்ந்த இடத்திலும் 20 அடி. வெளிக்கோபுரங்களில் பத்தும் உள்கோபுரங்களில் நான்கும் தொடங்கியாயிற்று. இவ்வளவையும் பெருமையோடு சொல்லும் கடிதம், 500 பவுன் பற்றாக்குறை என்றும், ஆட்களின் கூலி நெடுநாளாகப் பாக்கி என்றும், வாழ வழியில்லாத அவர்களைத் தக்கவைப்பது பெரும்பாடாக இருக்கிறது என்றும் சொல்கிறது. பணத்தைச் சீக்கிரம் அனுப்பாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீணாகும் என்ற மன்றாட்டு கடைசியில் தனியாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு எட்வர்டு ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்தார். பணம் அங்கே போனது. 1300 வாக்கில் வேலை நின்றது. 1306-இல் திரும்பத் தொடங்கி 1330 வரை இழுத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். உள்கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்தை என்றுமே எட்டவில்லை. நான் முதலில் எழுத நினைத்த உச்சிக் கல்லுக்கு அங்கே உச்சியே இல்லை.

ஆகவே என் பையன் அந்தக் கடிதத்துக்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிளம்புகிறான். வைக்கோலும் சாணமும் போட்டு மூடிய சுவர் உச்சி மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. உறைபனி இறுகாத சாந்துக்குள் புகுந்தால் ஈரம் பனிக்கட்டியாகி ஊதிச் சாந்தைப் பொடியாக்கும் என்பதால் போட்ட மூடி அது, அதில் பாதியைப் போட்டவன் அவன். ஐந்து வாரக் கூலி பாக்கி, தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கல் இறக்கிவிட்டுத் திரும்பும் படகு ஒன்று காத்திருக்கிறது. காளவாயைக் கடக்கும்போது கீழே கிடந்த ஒரு வெள்ளைக் கட்டியைக் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிறான். கனக்கிறது. வேகாத குவியலில் அதைப் போட்டுவிட்டுப் படகேறுகிறான்.